கணு ஏணியும் என் வாய்க்கொழுப்பும்

கொல்லங்கோட்டில் ஒரு வீட்டு மாடிதான் எங்கள் கேம் கம்பெனி. முதலாளியையும் சேர்த்து ஆறு பேர். கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுவது என் வேலை. கேமில் வரும் ஆட்களுக்கு அசைவுகள் செய்ய வட்டவடையிலிருந்து ஒருத்தி வந்திருந்தாள். அவளுக்கு மூன்று மாதம் சோதனைக் காலம். அது முடிய இரண்டு வாரம் இருந்தபோதுதான் நான் அவள் தலையில் பழியைப் போட்டேன்.

எங்கள் கேமில் ஒரு பெண், யானைக்குக் காவல் இருக்க மரத்து மேலுள்ள ஏறுமாடத்துக்கு மூங்கில் ஏணியில் ஏற வேண்டும். சினிமா செட்டில் இருப்பது மாதிரி வழவழ ஏணி வேண்டாம், நம்மூர் ஏணிதான் வேண்டும் என்று அடம் பிடித்தவள் நான். பெருமாட்டியில் ஒரு தென்னந்தோப்புக்கு டேப்போடு போய் நானே அளந்து வந்தேன். அங்கே கணுவை ஒட்டித் துளை போட்டுப் படி செருகுவார்கள். மூங்கில் நம் வசதிக்கா கணு விடும்? ஓர் இடைவெளி இருபத்தாறு சென்டிமீட்டர், அடுத்தது முப்பத்தைந்து. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவள் செய்து கொடுத்த அசைவுக் கிளிப்பில் ஏணியில் ஒரே ஒரு எட்டு வைத்து ஏறுவதுதான் இருக்கும். ஒரு கையும் எதிர்க்காலும் நகரும், உடம்பு ஒரு படி உயரும், முடிவில் கைகால் நான்கும் படிகளில் இருக்கும். அடுத்த எட்டில் மற்ற கையும் காலும். முப்பது சென்டிமீட்டர் இடைவெளிக்குச் செய்திருந்தாள். கை எந்த ஃப்ரேமில் படியை விடுகிறது, எந்த ஃப்ரேமில் பிடிக்கிறது என்று குறியும் வைத்திருந்தாள். மீதி என் பாடு. கையையும் பாதத்தையும் உண்மையான படிக்கு இழுத்துவிட்டால், முழங்கையும் முழங்காலும் அதற்கேற்ப மடங்க வேண்டும். அந்தக் கணக்குக்கு ஐகே என்று பெயர்.

கேமை ஓட்டிப் பார்த்தால் முதல் இரண்டு படி ஜோர். ஐந்தாவதில் இரண்டு கையும் ஒரே படியைப் பிடித்தன. ஏழாவதில் ஒரு கை மேலும் கீழுமாகத் துள்ளியது, முழங்கால் மோவாயை இடித்தது. கிளிப் சரியில்லை என்று எரிந்து விழுந்தேன். அவள் மறுபடி செய்து கொடுத்தாள். மறுபடியும் அதேதான். முதலாளியிடமும் போய்க் கிளிப்பில்தான் கோளாறு என்று சொல்லிவிட்டேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன?

ஒரு நாள் மதியம் நான் சாப்பிட்டு வருவதற்குள், அவள் தன் முதல் கிளிப்பையே திரும்பப் போட்டு, என் ஏணியை எடுத்துவிட்டு, எல்லா இடைவெளியும் சரியாக முப்பது இருக்கிற வேறோர் ஏணியை வைத்திருந்தாள். கேம் பெண் கடகடவென்று உச்சி வரை ஏறினாள். ஒரு விரல்கூட விலகவில்லை.

"அக்கா, என் கிளிப்புல தப்பு இருந்தா இதுலயும் வழுக்கணும்ல?" என்றாள்.

முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் என் புரோகிராமைத் திறந்து பார்த்தேன், முகம் சுட்டது. சமமில்லாத இடைவெளிகளை அளந்து வந்த நானே, ஒவ்வோர் எட்டுக்கும் முப்பது சென்டிமீட்டர் என்று உடம்பை உயர்த்திக்கொண்டிருந்தேன். படிக்குப் படி வித்தியாசம் சேர்ந்துகொண்டே போயிருக்கிறது. போதாததற்கு, ஒவ்வொரு ஃப்ரேமிலும் கைக்குக் கிட்டத்தில் எந்தப் படி என்று தேட வைத்திருந்தேன். பாதி வழியில் கிட்டத்துப் படி மாறினால் கை துள்ளாமல் என்ன செய்யும்?

இரண்டு நாளில் திருத்தினேன். படிகளுக்கு எண் கொடுத்தேன். மூன்றாம் படியில் இருக்கும் கை, நான்கில் இருக்கும் மற்ற கையைத் தாண்டி ஐந்துக்குத்தான் போக வேண்டும். அதை எட்டின் தொடக்கத்திலேயே முடிவு செய்தாயிற்று. பிடித்த கை, அவள் வைத்த குறி வரும் வரை விடாது. உடம்பு அந்தந்த இடைவெளி அளவுக்கே உயரும். கேம் பெண் கணு ஏணியில் தோப்புக்காரி மாதிரி ஏறிப்போனாள். நான் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினேன்.

வெள்ளிக்கிழமை முதலாளி வந்து பார்த்தார். அவள் என் பின்னால் நின்றாள்.

"பரவால்லீங்களே அம்மணி. கடைசீல அந்தப் புள்ள கிளிப்பச் சரி பண்ணிருச்சுங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

தலையாட்டியிருந்தால் போதும், எல்லாருக்கும் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் நான் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினேன்.

"இல்லீங்க. மொத நாளு குடுத்த கிளிப் அப்படியேதான் இருக்குதுங்க. தப்பு பூராவும் என்னோடதுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, திங்கட்கிழமை வேலை நிரந்தர ஆர்டரை வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

அவள் அங்கேயே நின்று அம்மாவுக்குப் போன் போட்டாள். வேலை நிரந்தரமான செய்தியைச் சொன்னாள். இரண்டு வாரமாக ஏன் போனே பண்ணவில்லை என்று அந்தப் பக்கம் சத்தம் போட்டது எனக்கே கேட்டது. அவள் என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லம்மா," என்றாள். "இங்க ஒரு அக்காவுக்கு ஏணி வேலை கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு. கூட இருந்தேன்."