அப்பாவின் பேச்சில் விடுபட்ட பெயர்

காய்ந்தும் காயாத சுண்ணாம்பின் நெடி மூக்கின் உள்பக்கத்தைச் சுரண்டும்; அதோடு பெரிய அண்டாவில் வேகிற சாமைச் சோற்றின் வாசனையும் ஈர விறகின் புகையும் சேர்ந்த ஒரு காலை நேரம் எனக்கு இன்றைக்கும் அப்படியே நினைவிருக்கிறது. ஜவ்வாது மலையில் எங்கள் ஓட்டு வீட்டில் பால் காய்ச்சிய நாள் அது. எழுபதுகளின் பிற்பகுதி. எனக்குப் பதினோரு வயது. அதுவரை புல்லுக் கூரையின் கீழ் இருந்த நாங்கள், அன்று முதல் ஓட்டுக்குக் கீழே படுக்கப்போகிறோம் என்பதில் எனக்குப் பெருமை இருந்தது. அந்தப் பெருமை அரை நாள்கூட நீடிக்கவில்லை.

எங்கள் ஊருக்கு அப்போது பஸ் கிடையாது. ஆலங்காயம் வரை லாரியில் வந்த ஓடுகளை அங்கிருந்து ஊரார் தலைச்சுமையாகவே மேலே கொண்டு வந்தார்கள். ஆணுக்குப் பத்து, பெண்ணுக்கு எட்டு என்று கணக்கு. யாரும் கூலி கேட்கவில்லை, கேட்கிற வழக்கமும் இல்லை. இன்று உன் வீட்டுக்கு நான், நாளை என் வீட்டுக்கு நீ. பதிலுக்கு வீட்டுக்காரன் செய்ய வேண்டியது இரண்டுதான்: பால் காய்ச்சும் நாளில் வயிறார சோறு போட வேண்டும், இலை போட்டு உட்கார்ந்ததும், கை வைப்பதற்கு முன்னால், எழுந்து நின்று நாலு வார்த்தை சொல்ல வேண்டும். பேச்சு முடிந்தால்தான் யாரும் ‘கை நனைப்பார்கள்’. கை நனைக்காமல் ஒருவர் எழுந்து போனால் அந்த வீட்டை அவர் ஏற்கவில்லை என்று பொருள்.

அப்பாவுக்கு அந்த நாலு வார்த்தைதான் பயம். எங்களிடம் புளி வாங்கும் வியாபாரி ஆலங்காயத்திலிருந்து வருகிறார் என்று தெரிந்ததும் பயம் இரண்டு மடங்காயிற்று. பள்ளிக்கூட வாத்தியார், சமவெளிக்காரர், நல்லவர், உதவுவதாக நினைத்து ஒரு முழுப் பக்கத் தாளில் பேச்சை எழுதிக் கொடுத்தார். “பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட பெரியோர்களே” என்று ஆரம்பம். வியாபாரிக்கு நான்கு வரி, வாத்தியாருக்கே இரண்டு வரி. ஓடு சுமந்த அறுபது பேருக்கும் சேர்த்து “மற்றும் ஊர்ப் பொதுமக்களுக்கும்” என்று மூன்று சொற்கள். பின்னாளில் பத்திரிகை அலுவலகத்தில் “மற்றும் பலர் கலந்துகொண்டனர்” என்ற வரியைத் திருத்தாமல் விட வேண்டியிருந்தபோதெல்லாம் எனக்கு அந்தத் தாளின் நீல மை ஞாபகத்துக்கு வந்திருக்கிறது.

வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆகவே நான் படிப்பேன், அப்பா திருப்பிச் சொல்வார். ஐந்து நாள் இப்படி நடந்தது. “இவ்வில்லத்திற்கு வருகை புரிந்து” என்ற இடத்தில் தவறாமல் நின்றுவிடுவார்.

அம்மா கேழ்வரகு புடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். ஆறாம் நாள் முறத்தைக் கீழே வைத்தார்.

“அது யாரு வூடுய்யா, இவ்வில்லம்? நம்ம வூடா, வேற யார் வூடாவதா?”

“சிரிக்காத. வாத்தியார் எழுதிக் குடுத்தது.”

“அவரு வூட்டுக்கு அவரு பேசட்டும். பேப்பரைத் தூக்கிப் போடு. வந்தவங்க மூஞ்சியப் பாரு. அவங்க செஞ்சதுல ஒண்ணே ஒண்ணு சொல்லு. ‘எல்லாரும் ஒத்தாசை பண்ணீங்க’ன்னு பொதுவா சொன்னா யாருக்கும் சொன்ன மாதிரி ஆவாது.”

“அறுவது பேரு தூக்கனாங்க. அத்தினி பேரையும் சொன்னா சோறு ஆறிடாதா?”

“அத்தினி பேரு எதுக்கு? சின்னான் வழுக்கி வுழுந்தானே, ஓடு ஒடையாம, அதைச் சொல்லு. சிரிப்பாங்க. கூட நடந்த எல்லாருக்கும் அந்த வழி ஞாபகம் வரும், அவங்களுக்கும் சொன்ன மாதிரிதான். ஏவாரியை நடுவுல சொல்லு. மொதல்ல சொன்னா நம்ம ஆளுங்களுக்குக் கோவம், கடைசியில சொன்னா அவருக்குக் கோவம். கூடப்பொறந்தவளைக் கடைசியில சொல்லு. அப்புறம் சாப்பிடக் கூப்டு. கூப்ட்டதுக்கு அப்புறம் வாயத் தொறக்காத.”

அப்பா உடனே அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க ஆரம்பித்தார். அம்மா தடுத்துவிட்டார். “வார்த்தைய உருப் போடாதய்யா. யாரை, எதுக்கு, அத மட்டும் மனசுல வெச்சிக்கோ. வார்த்தை அங்க வந்துரும். தப்பா வந்தாலும் பரவால்ல, நம்ம ஆளுங்கதானே.”

இத்தனை வருடத்தில் எத்தனையோ மேடைகளின் முன்வரிசையில் குறிப்பேட்டுடன் உட்கார்ந்து, எத்தனையோ நன்றியுரைகளைக் கேட்டுவிட்டேன். ஒரு நன்றியுரையை எப்படிப் பேச வேண்டும் என்று அதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னவர் ஒரு பள்ளிக்கூடத்தின் வாசலையும் மிதிக்காதவர்.

பால் பொங்கியது. வாசலில் மந்தார இலைகள் வரிசையாக விரிந்தன. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். சோறும் மொச்சைக் குழம்பும் இலைக்கு வந்ததும் அப்பா எழுந்தார். தாள் இல்லாத அவர் கைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வேட்டியைப் பிடித்துக்கொண்டார்.

“எல்லாரும் வந்துக்கிறீங்க. எனக்குப் பேச வராது. இந்தச் சின்னான் கீறானே, ஓட்டோட வழுக்கி வுழுந்தான். எந்திரிக்கறதுக்கு முன்னாடி இன்னா கேட்டான் தெரியுமா? ‘மாமா, ஓடு ஒடைஞ்சிச்சா?’ன்னு கேட்டான். ஓடு ஒடையல. முட்டிதான் ஒடைஞ்சிச்சு.”

எல்லாரும் சிரித்தார்கள். சின்னான் தலையைக் குனிந்துகொண்டு காயத்தைத் தொட்டுப் பார்த்தான். அப்பாவின் கை வேட்டியை விட்டது.

“ஏவாரி ஐயா அவரு கொட்டாயில எடம் வுட்டாரு. ஒரு மாசம் நம்ம ஓடு மழையில நனையல. என் தங்கச்சி பொன்னி கைக்கொழந்தைய முதுவுல கட்டிக்கினு எட்டு எட்டா சொமந்தா. கொழந்த அழுதா நிப்பா, பால் குடுப்பா, மறுபடி நடப்பா. இது ஒங்க வூடு. எப்ப வந்தாலும் ஒரு வாய் சோறு கீது. இப்ப சாப்டுங்க.”

மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. கேட்டவர்கள் முகமெல்லாம் மலர்ந்திருந்தது. வாத்தியார், தன் தாள் வீணானதற்கு வருந்தாமல், “எழுதி வெச்ச மாதிரியே இல்ல” என்று தலையாட்டினார். வியாபாரி, “பலே! மனசுலேர்ந்து வந்த பேச்சு” என்றார்.

எனக்குக் கன்னம் சுட்டது. அது அப்பாவின் மனதிலிருந்து வந்ததல்ல என்பது எனக்குத் தெரியும். வரிசை அம்மாவுடையது. சின்னான் அம்மாவுடையது. ஏவாரியை நடுவில் வைத்தது அம்மா. எல்லாரையும் முகம் பார்த்துச் சொல்லச் சொன்னவரின் பெயர் மட்டும் அதில் இல்லை. அவர் அடுப்படி வாசலில் குழம்புச் சட்டியோடு நின்றிருந்தார்.

தண்ணீர்ச் சொம்புடன் இலைகளுக்கு நடுவில் நின்றிருந்த நான் கத்திவிட்டேன். “அம்மாவை ஏம்ப்பா சொல்லல? செவுத்துக்கு நாலு மாசம் மண்ணு மிதிச்சது அம்மாதானே? ஓடையிலேர்ந்து தண்ணி தூக்கனது அம்மாதானே? இந்தப் பேச்சைச் சொல்லிக் குடுத்ததும் அம்மாதானே?”

ஆண்கள் பக்கம் சிரிப்பு. “பொண்ணுக்கு வாய் ஆலங்காயம் வரைக்கும் நீளுதே” என்றார் வியாபாரி. அப்பாவும் சிரிக்கப் பார்த்தார்.

“வூட்டுக்காரிக்கு எவனாவது சபையில நன்றி சொல்லுவானா? அவ இன்னா வெளி ஆளா?”

அன்று அப்பா சொன்ன அந்த நியாயத்தை அதற்குப் பிறகு எத்தனையோ நடுவயது ஆண்கள், படித்தவர்கள், பதவியில் இருந்தவர்கள், வேறு வேறு அழகான சொற்களில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சொந்தம் என்பதால் பெயர் வேண்டாம் என்கிறார்கள். வேலை வாங்கும்போது மட்டும் அந்தப் பெயர் நாளுக்கு நூறு முறை தேவைப்படுகிறது.

“உள்ள வாடி” என்று பல்லைக் கடித்தார் அம்மா. அவமானம் அவருக்கு என்னால்தான், அப்பாவால் அல்ல என்பது போல.

பொன்னி அத்தை அப்போதுதான் இலையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“அண்ணே, நீ இன்னும் பேசி முடிக்கல.”

“முடிச்சிட்டேன். சாப்டு.”

“அண்ணி பேரச் சொல்லு. கை நனைக்கறேன்.”

“வெளையாடாத பொன்னி. சோறு ஆறுது.”

“ஆறட்டும். எனக்கு இன்னா, நான் எட்டு ஓடு தூக்கனவ, பசி தாங்குவேன்.”

பக்கத்து இலைக்காரி கையை எடுத்தார். அவருக்கு அடுத்தவரும் எடுத்தார். பெண்கள் வரிசை முழுவதும் கைகள் மடிக்குப் போயின. ஆண்கள் பக்கத்தில் சிரிப்பு நின்றது. அவசரப்பட்டுச் சோற்றைப் பிசைந்துவிட்ட வியாபாரி, உருட்டிய கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகவும் முடியாமல் இலையில் போடவும் முடியாமல் வைத்திருந்தார். உடன்பிறந்தவள் கை நனைக்காத வீட்டில் ஒரு ராத்திரி எப்படிப் படுப்பது? அப்பாவுக்கு வியர்த்தது. மனைவியின் பெயரைச் சபையில் சொல்வது அவருக்கு அவ்வளவு கடினம். ‘இந்தா’, ‘பாப்பா அம்மா’ என்பதற்கு மேல் அவர் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

“குப்பம்மா...” என்றார். தொண்டையைச் செருமினார். “குப்பம்மா மண்ணு மிதிச்சா. நாலு மாசம். சுக்கான் கல்லு குத்திக் காலெல்லாம் பொத்துப்போச்சு. நான் பாத்துக்கினேதான் இருந்தேன். ஒரு நாளு ‘நீ ஒக்காரு, நான் மிதிக்கறேன்’னு சொல்லல.”

இந்த முறை யாரும் பலே சொல்லவில்லை.

அம்மா சட்டியோடு வந்து, அப்பாவைப் பார்க்காமல், முதலில் பொன்னி அத்தையின் இலையில் குழம்பை ஊற்றினார். “சாப்டுங்க” என்றார். பெண்கள் கை நனைத்தார்கள்.

இதை மனம் மாறிய கணவனின் கதையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மறுநாள் முதல் அம்மா மீண்டும் ‘இந்தா’தான், சாகும்வரை ‘இந்தா’தான். அன்று அந்தப் பெயர் வந்தது அன்பினால் அல்ல. இருபது பெண்கள் பசியோடு கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் வந்தது.

இப்போது மலைக்கு ரோடு வந்துவிட்டது. ஓட்டைத் தலையில் சுமப்பவர் யாரும் இல்லை. அதற்காக நான் வருந்தவும் இல்லை. போன வருடம் ஆலங்காயத்தில் என் தம்பி மகன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தேன். மொட்டைமாடியில் பந்தல், மைக். வந்தவர்கள் வந்த வேகத்தில் சாப்பிட்டார்கள். பதினோரு மணிக்கே மூன்றாம் பந்தி முடிந்துவிட்டது. பன்னிரண்டரைக்கு அவன் மைக்கைப் பிடித்து, செல்போனைப் பார்த்து வாசித்தான். இன்ஜினியருக்கு நன்றி, பேங்க் மேனேஜருக்கு நன்றி, மற்றும் அனைவருக்கும் நன்றி. வேலைக்கும் போய்க்கொண்டு, ஒரு வருடம் விடியற்காலையும் சாயங்காலமும் குழாயைப் பிடித்துச் சுவருக்குத் தண்ணீர் விட்ட அவன் மனைவி, மாடிப்படி ஓரத்தில் தாம்பூலப் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

நான் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். எல்லாருக்கும் வயிறு நிறைந்திருந்தது. மறுப்பதற்கு யாரிடமும் ஒரு கவளம் இல்லை. பேச்சு முடிந்ததும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. என் கையில் பாதி தின்ற ஐஸ்கிரீம் இருந்தது.