அல்சூர் வாசகசாலையின் ஒத்திவைத்த கூட்டம்

ஞாயிறு காலை ஆறரைக்குத் தகவல் வந்தது. எங்கள் வாசகசாலைத் தலைவர் தேசிகாச்சாரி தூக்கத்திலேயே போய்விட்டார். ஒத்திவைத்த பொதுக்குழு அன்று மாலைதான்.

முந்தின ஞாயிறு கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது இருபத்தைந்து பேர் கோரம் வேண்டும், வந்தது இருபத்திரண்டு. கட்டடத்தைக் கிடங்குக்குக் குத்தகைவிடத் தீர்மானம் கொடுத்த உதவித்தலைவர் ஏகாம்பரம், தன் ஆட்களோடு எதிர் டீக்கடையில் நின்று கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருபத்தைஞ்சுன்னு எழுதிக்கறேன் ஸார். யார் எண்ணப்போறாங்க?" என்றேன் தேசிகாச்சாரியிடம். நான் செயலாளர்.

"நீங்க எண்ணிட்டீங்களே, போதாதா?"

அரைமணி காத்திருந்து தேசிகாச்சாரி எழுந்தார். "கோரம் இல்லாததால் கூட்டத்தை அடுத்த ஞாயிறு இதே நேரத்துக்கு, இதே இடத்துக்கு ஒத்திவைக்கிறேன். அன்று வருகிறவர்களே கோரம்."

"அன்னிக்கு நம்மாளுங்க பாதிப்பேருக்கு ஃபாக்டரி ஷிஃப்ட் ஸார்!"

"ஓட்டு சமமா வந்தாக்கூட தலைவர் ஓட்டு இருக்குய்யா. நான் இருக்கேன்ல?"

எதிர் டீக்கடைப் பக்கம் யாரோ சிரித்தார்கள்.

இந்த ஞாயிறு மாலை, தலைவர் சாவுக்காகக் கூட்டத்தை ஒத்திவைக்கக் கேட்டோம். ஏகாம்பரம் இரண்டு நிமிடம் மௌனம் அறிவித்தார். பிறகு தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து, "பொருள் மூன்று, கட்டடக் குத்தகை. ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்" என்றார். பத்து. எதிர்த்தும் பத்து. "சமம். தலைவர் ஓட்டு, ஆதரவாக. தீர்மானம் நிறைவேறியது."

கோரம் இல்லாத அந்த முதல் கூட்டத்தின் குறிப்பை, வந்தவர்கள் இருபத்திரண்டு என்றே எழுதிவிட்டேன். அதில் தேசிகாச்சாரி இன்னும் கையெழுத்துப் போடவில்லை.