ஜெனரேட்டர் சத்தம் கேட்டு வந்தவர்கள்

பண்டாரவளைச் சந்தைக்கு அருகே நானும் என் கணவரும் மீனும் கோழியும் விற்றோம். எங்கள் பிழைப்பே இரண்டு குளிர்பெட்டிகளில்தான் இருந்தது. அரசை எதிர்த்த கிளர்ச்சிக்காரர்கள் டிரான்ஸ்போமரைக் குண்டு வைத்துத் தகர்த்த வாரம், பெட்டிக்குள் இருந்த அத்தனையும் அழுகியது. குழி வெட்டிப் புதைத்தோம்.

"இன்னொரு தடவை இப்படிக் கெட்டா கடைய மூட வேண்டியதுதான் புள்ள. ஜெனரேட்டர் வாங்கிடுவோம்" என்றார் அவர்.

"அதுக்கு எண்ணெய் ஊத்தியே அழிஞ்சு போவோமே?"

"நாள் பூரா ஓட வேணாம். மூடியத் தொறக்காம வெச்சா குளிர் நிக்கும். காலையில கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம். கெளப்பத்தான் பெட்ரோல், அப்புறம் வெல கொறஞ்ச மண்ணெண்ணெயிலயே ஓடும்."

புதைத்த சரக்கின் விலையையும் எண்ணெய்ச் செலவையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். என் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தேன்.

புகை உள்ளே வராதபடி இயந்திரத்தைக் கொல்லைக் கூரைக்குக் கீழே வைத்தோம். அவர் முதலில் மெயின் சுவிட்சை அணைப்பார். தவறினால் எங்கள் கரண்ட் வெளிக்கம்பியில் ஏறி, அங்கே வேலை செய்கிறவனைக் கொன்றுவிடும். பிறகு இயந்திரத்தைக் கிளப்பி ஒரு பெட்டியைப் போடுவார். அது ஓடி நிதானமானதும் மற்றது. சேர்த்துப் போட்டால் இயந்திரம் திணறி நின்றுவிடும். கடைகளைத் திறக்கக் கூடாது என்று கிளர்ச்சிக்காரர்கள் மிரட்டியிருந்ததால் ஊர் முழுக்க அடைபட்டுக் கிடக்க, எங்கள் கடையில் மட்டும் வியாபாரம் நடந்தது. சத்தமும் தெரு முழுக்கக் கேட்டது.

ஒரு சாயங்காலம் முகத்தை மூடிய மூன்று பேர் கொல்லைக்குள் புகுந்தார்கள்.

"கடைய மூடச் சொன்னோமே, கேக்கலையா?" என்று ஒருவன் சிங்களத்தில் கத்தினான். பதில் சொல்ல வாய் திறந்த என் கணவரின் கையில் இரும்புக்கம்பி இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் இயந்திரச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அவர் விழுந்தார். விழுந்த பிறகும் உதைத்தார்கள். நான் ஓடிப் போய் அவர்மேல் கவிழ்ந்தேன். என் முதுகிலும் விழுந்தது.

பிறகு இயந்திரத்தை அடித்தார்கள். பெட்ரோல் டாங்கி பிளந்து, கொதிக்கிற புகைக்குழாயில் வழிந்தது. குப்பென்று தீ எழுந்து, கம்பி பிடித்தவனின் காற்சட்டையைக் கவ்வியது. அவன் அலறிக்கொண்டு சுற்றினான். மற்ற இருவரும் ஓடிவிட்டார்கள்.

எரியட்டும் என்றுதான் நினைத்தேன். அந்த அலறல் காதில் விழுந்தபோது கால் தானாக நகர்ந்தது. பக்கத்தில் இருந்த மீன் பெட்டிமேல் கிடந்த ஈரச் சாக்குகளை இழுத்து, அவனைத் தள்ளிப் போட்டுப் போர்த்தி அமுக்கினேன். அவன்மேல் பற்றிய தீ அடங்கியது. முகத்துணி அவிழ்ந்திருந்தது, மீசை சரியாக முளைக்காத முகம். நொண்டிக்கொண்டே வேலியைத் தாண்டினான்.

"அவன ஏன் காப்பாத்துன?" என்று என் கணவர் வலியோடு கேட்டார்.

"தெரியலைங்க."

அவர் கை நேராகவில்லை. எரிந்துபோனதற்குப் பதில் இன்னொரு ஜெனரேட்டர் வாங்கப் பேச்சு வந்தபோது, நான்தான் வேண்டாம் என்றேன். குளிர்பெட்டிகளை விற்றுக் கருவாடும், கட்டையாக உலர்த்திய மாசி மீனும் வாங்கிப் போட்டோம். லாபம் பாதிக்கும் கீழே வந்தது. கரண்ட் போனாலும் அவை கெடவில்லை. ஆனால் தெருவில் எங்காவது இயந்திரம் உறுமினால், அவர் கதவைத் தாழிட எழுந்துவிடுவார்.