மஞ்சள் ரப்பர் பேண்டு

பழைய மாவு பாக்கெட்டை நீட்டிப் புதியது வாங்கப் பார்க்கிற ஆள் என்று, மூன்றாம் மாடி டீச்சர் மேல் மாவுக்காரம்மாவுக்கு எப்போதுமே ஒரு கண். அதற்காகவே பாக்கெட்டை நாளுக்கொரு நிற ரப்பர் பேண்டால் கட்டும்படி புருஷனிடம் சொல்லியிருந்தாள். நேற்று பச்சை, இன்று மஞ்சள்.

அன்று காலை பாக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கியவளை டீச்சர் கூப்பிட்டாள்.

"இது நேத்து மாவு. ஒரே புளிப்பு."

"மஞ்சள் பேண்டு போட்டிருக்கு, பாருங்க. இன்னிக்குக் கட்டினது. உங்க நாக்குலதான் கோளாறு."

"மோந்து பாருங்க."

மோந்தாள். முந்தின நாள் மாலை அரைத்த மாவு விடிவதற்குள் இப்படிப் புளிக்காது.

விறுவிறுவென்று வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜைத் திறந்தாள். நேற்று விற்காமல் மிஞ்சிய ஐந்து பாக்கெட்டுகளைக் காணோம். பாக்கெட் கட்டுகிற புருஷன் தலையைச் சொறிந்தான்.

"வீணாப் போகுதேன்னு புது மாவுல கலந்துட்டேன். மஞ்சள் பேண்டுதானே போட்டேன், யாருக்குத் தெரியும்?"

ரப்பர் பேண்டு டப்பாவை அவன் மடியில் கவிழ்த்தாள்.

"எந்திரி. இருபது வீட்டுக்கும் நீயே போய் மாவைத் திருப்பி வாங்கு. டீச்சர் வீட்டுக்கு மட்டும் நான் வரேன்."