பட்டியலில் நான் விட்ட சொல்

மூன்று வாரம் அலுவலகத்தில் உட்கார்ந்து, தேநீர் குடித்துக்கொண்டே, கெட்ட வார்த்தைகளாக எழுதித் தள்ளினேன். எனக்குக் கொடுத்த வேலையே அதுதான். மலேசியாவில், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு துணிக்கடைக்கு மேல், இரண்டாவது மாடியில் இயங்கும் சின்னத் தமிழ் இணையச் சேனல் எங்களுடையது. பார்ப்பவர்கள் எங்கள் செயலியிலேயே கருத்து எழுதலாம். அந்தக் கருத்துகளைக் கவனிக்கும் மேசை என்னுடையது. எழுதுகிறவர்களில் பாதிப் பேர் நல்லவர்கள். மீதிப் பேரைப் பற்றி என் வாயைக் கிளறாதீர்கள்.

முதலாளிக்கு ஒருநாள் பொறுமை போய்விட்டது. வசவு எழுதினால் திரைக்கு வராமலே தடுக்கும் வடிகட்டி ஒன்று வேண்டும் என்றார். அதைச் செய்ய வந்த புரோகிராமர் செராஸ்காரர். தமிழர்தான், ஆனால் மலாய்ப் பள்ளியில் படித்தவர். தமிழ் பேசுவார், எழுத்துக் கூட்டி வாசிக்கக்கூட வராது.

"அக்கா, மெஷின நான் செஞ்சிடுவேன். வார்த்தையெல்லாம் உங்க டிபார்ட்மென்ட் லா," என்றார்.

அவர் ஓர் அட்டவணை கொடுத்தார். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு வரிசை. முதல் கட்டத்தில் தமிழ் எழுத்தில் வார்த்தை. அடுத்ததில் அதை ரோமன் எழுத்தில் எப்படியெல்லாம் தட்டுவார்கள் என்பது. பிறகு பொருள், யாரை ஏசுவது, எவ்வளவு மோசம். கடைசிக் கட்டத்தில், வார்த்தையைத் தந்தவரின் பெயர். பின்னால் யாராவது சண்டைக்கு வந்தால் யாரிடம் கேட்பது என்று தனக்குத் தெரிய வேண்டும் என்றார் அவர். நியாயம்தான்.

நம் ஆட்கள் தமிழை ரோமன் எழுத்தில் எழுதும் அழகைத் தனியாகச் சொல்ல வேண்டும். 'மூதேவி'யை ஒருவர் moodevi என்பார், இன்னொருவர் muthevi, மூன்றாமவர் mudhewi. கோபம் கூடினால் கடைசி எழுத்து எட்டு தடவை வரும். நடுவில் புள்ளி, நட்சத்திரம், இடைவெளி. எல்லாவற்றையும் பட்டியலில் எழுதி முடியாது. அதனால் அவருடைய மெஷின் முதலில் புள்ளிகளையும் நட்சத்திரங்களையும் துடைத்தெடுக்கும். oo, u இரண்டையும் ஒன்றாக்கும். th, dh, d, t நான்கையும் t ஆக்கும். w வந்தால் v. திரும்பத் திரும்ப வரும் எழுத்தை ஒன்றாகச் சுருக்கும். மேலே சொன்ன மூன்று மூதேவிகளும் கடைசியில் mutevi என்ற ஒரே எலும்புக்கூடாகிவிடுவார்கள். அந்த எலும்புக்கூடு பட்டியலில் இருந்தால் கருத்து திரைக்குப் போகாது, என் மேசையில் வந்து காத்திருக்கும். வெளியே விடுவதும் தள்ளுவதும் நான்.

முதல் வாரம் ஒரே கூத்து. நாயே, நாய்களா என்று வால் எத்தனை விதமாய் நீண்டாலும் பிடிபட வேண்டும் என்று, nai என்று தொடங்கும் எதையும் நிறுத்தச் சொல்லியிருந்தேன். விலைவாசி பற்றிய செய்திக்குக் கீழே 'harga naik' என்று எழுதியவர்கள் அத்தனை பேரும் மாட்டிக்கொண்டார்கள். விலை ஏறிவிட்டது என்று மலாயில் புலம்பியது தவிர அவர்கள் ஒரு பாவமும் செய்யவில்லை. புரோகிராமர் தலையில் அடித்துக்கொண்டு அந்த மலாய்ச் சொல்லை விலக்குப் பட்டியலில் சேர்த்தார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அப்படிச் சிரித்துக்கொண்டே, கூச்சமில்லாமல், பெண்களை ஏசும் சொற்கள், உடம்பைப் பற்றிய சொற்கள், அம்மாவை இழுக்கும் சொற்கள் எல்லாவற்றையும் எழுதி, பக்கத்தில் என் பெயரையும் போட்டேன். ஒரே ஒரு சொல்லுக்கு வந்தபோது மட்டும் கை நின்றது.

அது சாதியைச் சொல்லி ஏசும் சொல். இங்கேயும் எழுத மாட்டேன். பண்டமாரானில் எங்கள் வீட்டில் அது வசவே இல்லை. சோற்றுக்கு நடுவே, குரலைத் தணித்து, ஒரு குடும்பத்தை அடையாளம் காட்டச் சொல்லும் சாதாரணச் சொல். அப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர், அவரும் சொல்வார். தம்பிக்குப் பெண் பார்த்த வருடம், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதற்கு ஒரு சுருக்கமே உண்டாகிவிட்டது. வெளியாள் யாராவது எட்டிப் பார்த்தாலும் புரியாதபடி நான்கே ரோமன் எழுத்து. ஒரு நல்ல பெண்ணை அந்த நான்கு எழுத்தில் வேண்டாம் என்று தள்ளிவிட்டோம். அந்தக் கடைசிச் செய்தியைத் தட்டியவள் நான்தான்.

அட்டவணையில் பொருள் என்ற கட்டமும், தந்தவர் பெயர் என்ற கட்டமும் என்னையே பார்த்தன. இதைப் போட்டால் 'இது உங்களுக்கு எப்படித் தெரியும்' என்று கேட்பார்களோ என்று பட்டது. மலேசியாவில் இப்போது யார் இதையெல்லாம் எழுதப்போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடுத்த வார்த்தைக்குப் போனேன்.

எங்களோடு வேலை செய்த ஒரு பெண்ணுக்குச் சனிக்கிழமை மதிய நேரலை கிடைத்தது. முன்பு ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் இருந்தவள். வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள், ஓவர்டைம் தரவில்லை என்று கேட்கும் மக்களுக்குச் சட்டத்தை எளிமையாகச் சொல்லக்கூடியவள். கம்போங் மேடான் அடுக்குமாடியில் அம்மாவோடு இருந்தாள். அம்மா அலுவலகங்களைக் கூட்டித் துடைத்து அவளைப் படிக்க வைத்தவர். என்னைவிடப் பத்து வயது சின்னவள். அலுவலகத்தில் என்னோடுதான் சாப்பிடுவாள்.

"அக்கா, எங்கம்மா பாப்பாங்க. கமெண்ட்டயும் விடாம படிப்பாங்க. கொஞ்சம் பாத்துக்கோங்க."

"நீ கவலைப்படாம உக்காரு. ஒரு கெட்ட வார்த்த உள்ள வராது," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

நேரலை தொடங்கிப் பத்து நிமிடம் எல்லாம் நன்றாகப் போனது. பிறகு யாரோ அவளுடைய குடும்பத்தை அறிந்த ஒருவன், இவள் எல்லாம் நமக்குச் சட்டம் சொல்ல வந்துவிட்டாள் என்று எழுதி, அந்தச் சொல்லைப் போட்டான். வடிகட்டி அதைத் தொடவே இல்லை. ஒருவன் வழிகாட்டியதும் மற்றவர்கள் வந்தார்கள். தமிழ் எழுத்தில் வந்தது, ரோமனில் வந்தது, புள்ளி வைத்து வந்தது. நான் ஒவ்வொன்றாகக் கையால் மறைத்தேன். ஒன்றை மறைப்பதற்குள் இரண்டு முளைத்தன. ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் மானிட்டரைப் பார்த்தாள். ஒரு வாக்கியத்தை நடுவிலேயே விட்டாள். தண்ணீர் குடித்தாள். பிறகு நேரம் முடியும்வரை கேள்விகளுக்குப் பதில் சொன்னாள்.

வெளியே வந்தபோது அவள் கைப்பேசி அடித்துக்கொண்டிருந்தது. அம்மா.

"இறங்கி வந்துடு, உனக்கு அது வேணாம்னு அழுவுறாங்க அக்கா," என்றாள். "இன்னொரு தடவ அது ஸ்கிரீன்ல வந்தா நான் உக்கார மாட்டேன்."

முதலாளி கூப்பிட்டுக் கேட்டபோது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எழுத்த மாத்தி மாத்திப் போடுறாங்க பாஸ். மெஷினால பிடிக்க முடியல." வாய் கூசாமல் சொன்னேன். புரோகிராமர் முகம் சுண்டிப்போனது. இரண்டு நாள் அவர் சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் தன் வேலையில் ஓட்டை தேடினார். நான் அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். எவ்வளவு கேவலம் பாருங்கள்.

மூன்றாம் நாள் கூட்டத்தில் அவர் மடிக்கணினியைத் திருப்பி வைத்தார். சனிக்கிழமை ரோமனில் வந்த அத்தனை வடிவங்களும் அதில் இருந்தன.

"எல்லாம் சரியாத்தான் ஒண்ணாகுது பாஸ். ஒரே எலும்புக்கூடு. ஆனா அது லிஸ்ட்டுலயே இல்ல. எப்படி அக்கா, இவ்ளோ இருக்கு, இது மட்டும் இல்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள், எதிரே உட்கார்ந்திருந்த அவள் பேசினாள்.

"அக்காவுக்கு அந்த வார்த்த தெரிஞ்சிருக்காது. அவங்க வீட்டுல அதெல்லாம் பேச மாட்டாங்க."

என்னைக் காப்பாற்றுவதற்காகத்தான் சொன்னாள். முதலாளி தலையாட்டினார். நானும் ஆட்டினேன். இதுவரை செய்ததில் மிக மோசமானது அந்தத் தலையாட்டல்தான் என்று நினைக்கிறேன்.

கூட்டம் முடிந்ததும் என் மேசைக்கு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "நான் சொல்றேன், நீங்க எழுதுங்க அக்கா," என்றாள். பள்ளியில் கேட்டது, பேருந்தில் கேட்டது, வீடு வாடகைக்குக் கேட்கப் போன இடத்தில் முதுகுக்குப் பின்னால் கேட்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். மளிகைச் சாமான் சொல்வதுபோல் சொன்னாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் தட்டினேன். ஐந்து வடிவம் சொல்லி நிறுத்தி, மூச்சு வாங்கினாள். என் விரல்கள் நிற்கவில்லை. அடுத்த வரிசையில் அந்த நான்கு எழுத்தைத் தட்டியிருந்தன.

அவள் திரையைப் பார்த்தாள். அந்தச் சுருக்கத்தை அவள் கேட்டிருக்க வழியில்லை. அது அவள் முன்னால் சொல்லக் கூடாது என்பதற்காகவே உண்டானது. ஆனாலும் அது என்ன என்று புரிந்துகொள்ள அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"இது நான் சொல்லலியே அக்கா."

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். இணையத்தில் பார்த்தேன் என்றால் நம்பியிருப்பாள், அல்லது நம்பியதுபோல் இருந்திருப்பாள். அழிப்பதற்குக் கையைக் கொண்டுபோனேன்.

"அழிக்காதீங்க," என்றாள். "அதையும்தான் பிடிக்கணும்."

பொருள் கட்டத்தில் 'சாதி இழிசொல்' என்று தட்டினேன். அவள் படித்துவிட்டு, "வீட்டுல சொல்றதுன்னு சேத்துக்கோங்க," என்றாள். சேர்த்தேன். முதல் ஐந்து வரிசையிலும் தந்தவர் பெயர் என்ற கட்டத்தில் தன் பெயரைப் போடச் சொன்னாள். ஆறாவதற்கு வந்தபோது எழுந்து நாற்காலியைப் பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

"அதுக்கு உங்க பேரு."

போட்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான்கு நாள் வாக்கியம் தேடினேன். சனிக்கிழமை வந்துவிட்டது, வாக்கியம் வரவில்லை. மதியம் அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். கருத்துகள் ஓடத் தொடங்கின. திரை சுத்தமாக இருந்தது. என் மேசையில் மட்டும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன, ஐந்து, ஆறு, ஏழு. ஏழாவதில் இருந்தது அந்த நான்கு எழுத்து. யார் வீட்டுப் பிள்ளை எழுதியதோ தெரியவில்லை. எங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன்.

நிகழ்ச்சி முடிந்து அவள் வெளியே வந்தாள். அம்மா முழுதாகப் பார்த்தார்களாம், ஒன்றும் சொல்லவில்லையாம் என்று புரோகிராமரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவருக்கு ஒரே சந்தோஷம். பிடிபட்டவை எந்தெந்த வரிசையில் மாட்டின என்ற விவரம் அவர் திரையில் வந்திருந்தது. பொருள் கட்டத்தில் தமிழில் இருந்ததை அவருக்கு வாசிக்கத் தெரியாது. அந்த நான்கு எழுத்து மாட்டிய வரிசையின் கடைசிக் கட்டத்தில் என் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது.

"அக்கா," என்று அறை முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார், "உங்க வார்த்த நல்லா வேல செய்யுது லா."

அவள் தன் பையை எடுத்துக்கொண்டு படியில் இறங்கிப் போனாள்.