கிழித்த காஸ்ட் ஷீட்

பொம்மனஹள்ளியில் ஒரு லேத் பட்டறையில் எனக்குக் காஸ்ட் ஷீட், அதாவது செலவுக் கணக்குத் தாள், போடும் வேலை. ஒரு கம்பெனி விலை கேட்ட நூறு ஷாஃப்டுக்கு இரும்பு ஆறாயிரம், கூலி இரண்டாயிரம். வாடகை, கரண்ட், மெஷின் தேய்மானத்தில் இந்த வேலையின் பங்கு மூவாயிரம். மொத்தச் செலவு பதினோராயிரத்தின் மேல் இருபது சதவீத லாபம் வைத்து, விலை பதின்மூன்றாயிரத்து இருநூறு என்று எழுதினேன்.

“நம்ம வாடகைய கஸ்டமர் எதுக்கும்மா குடுக்கணும்? படிச்ச திமிரா?” என்று முதலாளி எல்லோர் முன்னாலும் தாளைக் கிழித்தார். இரும்பு, கூலிக்கு மட்டும் இருபது சதவீதம் சேர்த்து, ஒன்பதாயிரத்து அறுநூறு என்றார்.

அன்றே வெளியேறி, பக்கத்துத் தெருப் பட்டறையில் சேர்ந்தேன். மறுமாதம் அதே ஷாஃப்டுக்கு, அதே கம்பெனி எங்களிடமும் விலை கேட்டது. நான் அதே பதின்மூன்றாயிரத்து இருநூறைச் சொன்னேன்.

“அவங்க ஒன்பதாயிரத்து அறுநூறுன்றாங்களே?” என்றார் பர்ச்சேஸ் ஆபீசர்.

“அவங்களுக்கே குடுங்க சார். ஒரு வருஷத்துக்கு ரேட் ஏத்தக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கிக்குங்க.”

வாங்கிக்கொண்டார். பழைய முதலாளிக்கு ஒவ்வொரு நூறுக்கும் ஆயிரத்து நானூறு நஷ்டம்.

ஆறு மாதம் கழித்து அவர் எனக்குப் போன் செய்தார். “எங்க அடிபடுதுன்னே தெரியலம்மா. அந்த ஷீட் காப்பி இருக்கா?”

“குப்பைக்கூடையில பாருங்க சார்,” என்று போனை வைத்துவிட்டேன்.