சதுரம் எந்த வட்டத்துக்குள் நிற்கும்?

சங்கரன்கோவிலில் எங்கள் கணக்கு ஆசிரியர்களுக்கு நடக்கும் கூட்டங்களில் வழக்கமாகப் பாதிப் பேர் ஜன்னலோரம் இடம் பிடிப்பார்கள். பக்கத்துத் தெரு விசைத்தறிச் சத்தத்தில் தூக்கம் வராது, ஆனால் பேசுவது கேட்காத மாதிரி இருந்துகொள்ளலாம். அந்தச் சனிக்கிழமை மட்டும் யாரும் ஜன்னல் பக்கம் போகவில்லை. ஒரே ஒரு கேள்விதான் காரணம்.

எட்டாம் வகுப்புக்கான பொது வினாத்தாளை என் தோழி தயாரித்து வந்திருந்தாள். கரிவலத்திலிருந்து நானும் அவளும் ஒரே பஸ்ஸில் வருவோம். அந்த வினாத்தாளில் ஒரு கேள்வி: 'சதுரம் ஒரு செவ்வகம். சரியா, தவறா?' விடையில் 'தவறு' என்று போட்டிருந்தாள். கடையநல்லூரில் வேலை பார்க்கும் மூத்த ஆசிரியர் ஒருவர், அதிகம் பேசாதவர், "அது சரின்னுதான் வரணும் டீச்சர்" என்றார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. கூட்டம் நடத்தியவர், நாமே உருவங்களாக நின்று பார்ப்போம் என்று எங்களைப் பள்ளி மைதானத்துக்கு அழைத்துப் போனார்.

விளையாட்டு ஆசிரியர் கோலப்பொடியால் தனித்தனியாக இரண்டு பெரிய வட்டம் போட்டார். செவ்வகத்துக்கு ஒன்று, சாய்சதுரத்துக்கு ஒன்று. ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு உருவம் வரைந்த அட்டை. தோழிக்கு நீளமான செவ்வகம், கடையநல்லூர் அண்ணாச்சிக்குச் சரிந்து நிற்கும் சாய்சதுரம். எனக்குச் சதுரம் வந்தது. ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரே ஒரு நிபந்தனை, வெளியே கொண்டுவந்து வைத்த கரும்பலகையில் எழுதியிருந்தது: செவ்வகத்துக்குள் வர, நாலு கோணமும் செங்கோணமாக இருக்க வேண்டும், சாய்சதுரத்துக்குள் வர, நாலு பக்கமும் சமமாக இருக்க வேண்டும்.

நான் எங்கே போவதென்று தெரியாமல் வேப்பமரத்தடியிலேயே நின்றேன்.

"அக்கா, நீங்க இங்கன வரக்கூடாது. நீளமும் அகலமும் வேற வேறயா இருக்கணும்லா" என்றாள் தோழி, வட்டத்துக்குள்ளிருந்து.

"நிபந்தனைல அப்படி இருக்கா டீச்சர்?" என்று கேட்டார் கூட்டம் நடத்தியவர்.

அவள் கரும்பலகையை எட்டிப் பார்த்தாள். கோணத்தைப் பற்றித்தான் இருந்தது. நீளம் அகலம் பற்றி ஒரு சொல் இல்லை. "படத்துல எப்பவும் அப்படித்தான போடுதோம்" என்றாள், கொஞ்சம் குரல் இறங்கி. பிறகு நகர்ந்து இடம் விட்டாள். என் நாலு மூலையும் செங்கோணம்தான். உள்ளே போனேன்.

உடனே அண்ணாச்சி கூப்பிட்டார். "அவங்க எனக்கும் சொந்தம். நாலு பக்கமும் சமம்லா."

"பேரே சாய்சதுரம் அண்ணாச்சி. அக்கா எங்க சாஞ்சிருக்காங்க?" என்றாள் தோழி.

"சாஞ்சிருக்கான்னு நான் கேக்கல. பக்கம் சமமான்னுதான் கேக்கேன். பேர் வச்சது நாம, நிபந்தனைல சாய்வு இல்ல."

அவள் என் வலது கையைப் பிடித்திருந்தாள். அவர் பெண் கையைப் பிடிக்கத் தயங்கி என் அட்டைக் கயிற்றை நீட்டிப் பிடித்தார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "நடுவுல நில்லுங்க" என்று யாரோ சொன்னார். ஆனால் இரண்டு வட்டத்துக்கும் நடுவில் நின்றால் நான் இரண்டிலும் இல்லை. அந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. தப்பு என்னிடம் இல்லை, வட்டம் போட்ட விதத்தில் இருந்தது.

விளையாட்டு ஆசிரியர் காலால் அழித்துவிட்டு, ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி மறுபடி போட்டார். இரண்டும் சேரும் பகுதியில் நான் நின்றேன். அண்ணாச்சி சும்மா இருக்காமல் அந்தப் பகுதிக்குள் காலை வைத்தார்.

"உங்க மூலை செங்கோணமா அண்ணாச்சி?" என்றாள் தோழி.

"இல்ல."

"அப்ப வெளிய நில்லுங்க."

அவளையும் அவர் விடவில்லை. அவள் அட்டையில் ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை. அவளும் அந்தப் பகுதிக்குள் வர முடியாது. ஆக, சதுரம் செவ்வகம்தான், சாய்சதுரமும்தான். ஆனால் எல்லாச் செவ்வகமும் சதுரம் ஆகிவிடாது. எங்கள் மூவருக்கும் எதிரெதிர்ப் பக்கங்கள் இணையாக இருந்தன. அதனால் மூவரையும் சுற்றி இணைகரத்துக்கு ஒரு பெரிய வட்டம் வந்தது. அதற்கும் வெளியே, எல்லோரையும் அடக்கி, நாற்கரம். பொடி தீரும் நிலைக்கு வந்துவிட்டது.

தோழி அங்கேயே நின்று விடையைச் 'சரி' என்று திருத்தினாள். "நல்லவேளை, அச்சுக்குப் போகல" என்று சொல்லிச் சிரித்தாள். அவளுக்கு வருத்தமே இல்லை.

சாப்பாட்டு நேரத்தில், சரிவக அட்டை போட்டிருந்தவர் தனக்கு எங்கே இடம் என்று கேட்டார். 'ஒரு சோடி எதிர்ப்பக்கங்கள் இணை' என்றால் இணைகரமும் சரிவகத்துக்குள் வந்துவிடும். 'ஒரு சோடி மட்டும்' என்றால் வராது. எந்த வரையறையை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது என்றார் அண்ணாச்சி. தோழி 'மட்டும்' வேண்டும் என்றாள், அவர் வேண்டாம் என்றார். புளியோதரை தீர்ந்த பிறகும் இருவரும் விடவில்லை. எனக்கு அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது பிடித்திருந்தது.